"குழந்தை இன்னும் தயாரா இல்ல மேடம்"

மருத்துவ உளவியல் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் தன் சூப்பர்வைசரிடம் வாராவாரம் இதே பதிலைச் சொல்கிறார். அவரிடம் சிகிச்சைக்கு வருவது ஒன்பது வயதுச் சிறுமி, உறவினர் ஒருவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவள். போலீசில் புகார் பதிவாகிவிட்டது, வழக்கு நடக்கிறது. சிறுமிக்கு இரவில் தூக்கமில்லை, பள்ளிக்கூடம் என்றாலே அழுகை. இந்தச் சிறுமியும் பயிற்சியாளரும் தனி நபர்கள் அல்லர். இப்படிப்பட்ட பயிற்சியில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து வரைந்த உதாரணம் இது.

இங்கே பின்பற்றப்படும் சிகிச்சைமுறை டி.எஃப்-சி.பி.டி. ஜூடித் கோஹன், ஆண்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூன்று அமெரிக்கர்கள் உருவாக்கியது. பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் ஆகும். மூச்சைச் சீராக்குவது, மனத்தில் எழும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது போன்ற தற்காப்புகளைக் குழந்தை முதலில் கற்றுக்கொள்கிறது. அதன்பின் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியோ, வரைந்தோ, எழுதியோ வெளியே கொண்டுவருகிறது. முறையின் நடுப்பகுதி அதுதான். நம் பயிற்சியாளரோ முதல் பகுதியைத் தாண்டவே இல்லை. ஆறு அமர்வு முடிந்தும் மூச்சுப் பயிற்சியும் வண்ணம் தீட்டலும்தான்.

கையால் எழுதிய குறிப்பை மட்டும் படித்திருந்தால் சூப்பர்வைசரும் அதை நம்பியிருப்பார். பாதுகாவலரின் சம்மதத்தோடு, பெயரெல்லாம் நீக்கிய ஒலிப்பதிவு இருந்ததால் விஷயம் பிடிபட்டது. பதிவில் சிறுமி, தானாகவே, "அன்னைக்கு அம்மா வீட்ல இல்ல. மாமா கதவச் சாத்திட்டு..." என்று ஆரம்பிக்கிறாள். உடனே பயிற்சியாளர், "சரி சரி, அத அப்புறம் பேசலாம். இந்தப் பூவுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்கிறார். ஒரே அமர்வில் இது மூன்று முறை நடக்கிறது. எழுதிய குறிப்பில் அந்த மூன்று இடங்களும் இல்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, நிஜமாகவே நினைவில் நிற்கவில்லை.

தயாராக இல்லாதது குழந்தை அல்ல என்று அப்போது தெரிகிறது. இதில் குழந்தைக்கு வரும் நஷ்டம் வெறும் தாமதம் மட்டுமில்லை. 'இதைச் சொன்னால் பெரியவர்களால் தாங்க முடியாது' என்று அவள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததைச் சிகிச்சை அறையே உறுதி செய்துவிடுகிறது. நான்காவது முறை அவள் ஆரம்பிக்காமலே போகலாம்.

நல்ல சூப்பர்வைசர் இந்த இடத்தில் கண்டிப்பதில்லை, ஆறுதல் சொல்லவும் அவசரப்படுவதில்லை. பதிவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "இந்த எடத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?"

"வயித்தப் பொரட்டுச்சு மேடம். எங்கக்கா பொண்ணுக்கும் அதே வயசு."

பேசப் பேச மற்றதும் வருகிறது. தூக்கம் சரியில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, பிள்ளையை டியூஷன் சார் வீட்டுக்கு அனுப்பாதே என்று சண்டை பிடித்திருக்கிறார். பஸ்ஸில் ஒரு தாத்தா பேத்தியை மடியில் வைத்திருந்தால்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறார். லிசா மெக்கேன், லாரி ஆன் பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் இந்த நிலையைத் தனியாக எடுத்து விவரித்தார்கள். பிறருடைய கொடுமைகளைத் தொடர்ந்து கேட்பவருக்கு, உலகம் பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம் என்ற அடிப்படை எண்ணங்களே மாறத் தொடங்குகின்றன என்றார்கள். வேலைக் களைப்பு என்றால் நாலு நாள் லீவில் தெளிந்துவிடும். இது லீவிலும் கூடவே வரும். 'கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க' என்ற வழக்கமான அறிவுரை இங்கே அவ்வளவாக உதவாமல் போவது அதனால்தான்.

பிறகு ஒத்திகை. சூப்பர்வைசர் சிறுமியாக நடிக்கிறார், "மாமா கதவச் சாத்திட்டு..." என்று சொல்லி நிறுத்துகிறார். பயிற்சியாளரின் முதல் பதில்: "ஐயோ, ரொம்ப பயந்துட்டியா கண்ணா?" இரக்கமான பேச்சுதான். ஆனால் பயம் என்ற சொல்லைக் குழந்தை இன்னும் சொல்லவில்லை. பெரியவர் எடுத்துக் கொடுத்த சொல்லைக் குழந்தை தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளக்கூடும். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறவள் என்பதால் அது வழக்கையும் கெடுக்கும். இரண்டாவது முயற்சி: "கதவச் சாத்தினாரு. அப்புறம்?" அவ்வளவுதான். குழந்தை சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. கேட்க எளிது, வாயில் வருவதற்கு நாலைந்து ஒத்திகை வேண்டியிருக்கிறது.

அளவும் பேசி முடிவாகிறது. அடுத்த அமர்வில் அன்றைய காலையைப் பற்றி மட்டும், பிறகு கதவு வரை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மனக்கஷ்டம் எவ்வளவு என்று குழந்தையிடம் நடுவே கேட்க வேண்டும். எண் மேலே ஏறினால், கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சிக்குத் திரும்பலாம். இறங்கியதும் விட்ட இடத்துக்கு வரலாம். பயிற்சியாளரும் தன் எண்ணைக் குறித்து வரவேண்டும் என்று சூப்பர்வைசர் சேர்த்துக்கொள்கிறார். குழந்தை நான்கு என்று சொல்லும்போது பயிற்சியாளருக்கு எட்டு என்றால், பேச்சை மாற்றச் சொல்லி உந்துவது யாருடைய கஷ்டம் என்று தெரிந்துவிடும்.

கேட்கப் பயந்து விலகும் இந்தப் பழக்கம் மேலேயும் ஏறும். சிகிச்சை அறையில் நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் தன்னையறியாமல் மறுபடி நிகழ்வதை ஹெரால்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955இலேயே எழுதினார். அறிகுறி சாதாரணமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி ஃபைல், படிவம், அடுத்த தேதி என்றே போய்விடும்; குழந்தை என்ன சொன்னாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு கொடூரமான சான்று இருக்கிறது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்க்க அழைத்துவந்த உறவுப் பெண்ணும் அவருடைய துணைவரும் செய்த சித்திரவதையால் 2000 பிப்ரவரியில் இறந்தாள். உடலில் 128 காயங்கள். லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வந்தது. வழக்கைக் கையாண்ட அனுபவம் குறைந்த சமூகப் பணியாளர், சிறுமியை நாலு முறைதான் பார்த்திருந்தார். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. அவருக்குக் கிடைத்த மேற்பார்வையும் படுமோசம். நீ அந்தக் குழந்தையிடம் என்ன பேசினாய் என்று உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் போனது. பணியாளர் மேல் மட்டும் பழி போட்டு முடித்திருந்தால் இந்த மேல்மட்டக் குறை வெளியே வந்திருக்காது.

சூப்பர்விஷனால் எல்லாம் ஆகிவிடாது. பயிற்சியாளருக்குத் தன் சிறுவயதிலேயே இதே அனுபவம் இருந்து, குழந்தையின் பேச்சு அதைக் கிளறிவிடுகிறது என்றால், சூப்பர்வைசரே அவருக்குச் சிகிச்சை தர உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்கு வேறொரு சிகிச்சையாளர் வேண்டும். இங்கே பேச வேண்டியது இந்தக் குழந்தையோடு செய்யும் வேலையை அது எப்படிப் பாதிக்கிறது என்பதை மட்டும். கேஸ்களைக் கலந்து கொடுப்பதும் சூப்பர்வைசரின் பொறுப்பு. ஒரே வாரத்தில் நாலு போக்சோ கேஸ் வைத்திருப்பவரிடம் படிப்பில் பின்தங்கும் பையன் ஒருவனையும் அனுப்பலாம்.

சட்டத்தில் மட்டும் நெளிவுசுளிவு கிடையாது. குழந்தை புதிதாக இன்னொருவர் பெயரைச் சொல்லிவிட்டால், பயிற்சியாளர் மனம் ஆறட்டும் என்று காத்திருக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், தவறினால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. சூப்பர்வைசர் அன்று முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மனம் திறந்து பேசு என்று சொல்லும் அதே சூப்பர்வைசர்தான் பெரும்பாலான பயிற்சி நிறுவனங்களில் மதிப்பெண்ணும் போடுகிறார். வயிற்றைப் புரட்டியதைச் சொன்னால் 'இந்த வேலைக்கு லாயக்கில்லை' என்று எழுதிவிடுவாரோ என்ற பயம் பயிற்சியாளருக்கு இருக்கத்தான் செய்யும். சில இடங்களில் மதிப்பெண்ணில் பங்கில்லாத ஒருவரிடம் மாதம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்கிறார்கள். அது இல்லாத இடத்தில் சூப்பர்வைசர் முதல் நாளே எவையெவை மதிப்பீட்டில் சேரும், எவை சேராது என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கேட்கும்போது கை நடுங்கியது சேராது. அதை மறைத்து, அமர்வை வண்ணம் தீட்டியே ஓட்டியது சேரும்.