உதயம் தியேட்டர் எங்க, தம்பி?

வயதான தகப்பனார் ஒருவர் நகரத்துக்கு வந்து இறங்குகிறார். மகள் வீட்டுக்குப் போக வேண்டும். ஊர் அடையாளம் தெரியாமல் மாறிக் கிடக்கிறது. போவோர் வருவோரிடம் வழி கேட்கிறார். இந்தக் கருவை வைத்துச் சிறுகதை எழுதாதவர்கள் குறைவு. அவற்றில் பெரும்பாலும் பெரியவர் பாவம், நகரம் கல்நெஞ்சு, கடைசிப் பத்தியில் கண்ணீர். இவை தேறாமல் போவதற்கு, அவருக்கு வழி தெரியாது என்று எழுதுகிறவர் முடிவு கட்டிவிடுவதுதான் காரணம் என்பது என் எண்ணம். அவருக்கு வழி நன்றாகத் தெரியும். அவர் மனதில் இருக்கும் சென்னை பதினைந்து ஆண்டுகள் பழையது, அவ்வளவுதான்.

சென்னைத் தெருவில் ஒரு கிழவர் வழி கேட்பதில் தொடங்கும் கதைக்குத் தமிழில் பெரிய முன்னோடி உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ பிராட்வே முனையில் தொடங்குகிறது. கேட்பவர் கடவுள், கேட்ட இடம் திருவல்லிக்கேணி. அங்கே வழி கேட்பது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. இரண்டொரு வாக்கியத்தில் அது முடிந்து, இருவரும் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். நம் கதையில் வழி கேட்பதே கதை. ஆகவே ஊரின் கல், மண், பஸ் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும்.

ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். பெரியவர் கோவில்பட்டிப் பக்கம். மகள் கே.கே. நகரில் இருக்கிறாள். கடைசியாக அவர் வந்தபோது தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேடு வரை போயின. அந்த நிலையம் திறந்தது 2002இல். அதற்கு முன்னால் பாரிமுனையில் இறங்கிய பழக்கமும் அவருக்கு உண்டு. இப்போது விடியற்காலையில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடும் இடம் வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த நிலையம் அது. நகரத்துக்குள் நுழையாமலே நகரத்துக்கு வந்துவிட்டார். கதையின் முதல் கேள்வி இங்கேயே பிறந்துவிடுகிறது: “தம்பி, இது மெட்ராஸ்தானா?”

உடனே ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். கையில் செல்போன் இருக்குமே, மகளைக் கூப்பிட்டால் போயிற்றே? சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எழுதுவது சோம்பேறித்தனம். போன் இருக்கட்டும், மணியும் அடிக்கட்டும். அவர் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார் என்பதில்தான் மனிதர் தெரிவார். “ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புறேன்” என்று அவள் சொன்னதற்கு, “எனக்குத் தெரியாத மெட்ராஸா?” என்று முதல் நாள் இரவு வீறாப்பாகச் சொல்லியிருப்பார். நடுவழியில் அவள் கூப்பிடும்போது, “பக்கத்துல வந்துட்டேன்மா, நீ சோலியப் பாரு” என்பார். அந்தப் பொய்க்குப் பிறகு அந்நியர்களை விட்டால் அவருக்கு நாதியில்லை.

தாம்பரம், கிண்டி வழியாக வடபழனி போகும் மாநகரப் பேருந்தில் ஏறி, “உதயம் தியேட்டர்” என்று டிக்கெட் கேட்கிறார். கண்டக்டர் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். இந்த இடத்தை நான் விட மாட்டேன். 1983இல் தொடங்கிய அந்தத் தியேட்டர் 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்து வாய்கள் இன்னும் அந்தப் பெயரை விடவில்லை. சென்னையில் கட்டடம் போன பிறகும் அதன் பெயர் நிறுத்தத்தில் நெடுநாள் உயிரோடிருக்கும். ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாயிற்று, இன்றைக்கும் ‘ஜெமினி’ என்றால் பஸ் நிற்கிறது. ஆகவே பஸ்ஸுக்குள் இருக்கும் வரை பெரியவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. இறங்கியதும்தான் தியேட்டரைத் தேடுகிறார். எல்லா வழியும் அந்தச் சுவரொட்டி மதிலிலிருந்து தொடங்குவதாகவே அவர் நினைவில் பதிந்திருக்கிறது. தலைக்கு மேலே மெட்ரோ பாலம். 2015இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, அவர் பார்த்ததில்லை.

இனி அவர் கேட்கும் கேள்வி எப்படி இருக்கும்? கரிசல்காட்டு மனிதருக்கு இடம் என்பது திசை. கீழத்தெரு, மேலத்தெரு, தெக்க போய் வடக்க திரும்பு. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்து, கிராமத்தார் திசையைச் சொல்லியும் நகரத்தார் இடம் வலம் சொல்லியும் பேசும் வேறுபாட்டை எழுதியிருக்கிறார். கதைக்கு இது அள்ள அள்ளக் குறையாத சரக்கு. பைக்கை ஓரம் கட்டியிருக்கும் உணவு டெலிவரிப் பையனும் அவரும் பேசுவதை இப்படி எழுதலாம்:

“கே.கே. நகருக்கு மேக்கதான போணும், தம்பி?”

“மேற்கா? லெஃப்ட்ல போங்க தாத்தா.”

“எதுக்கு லெஃப்ட்டு?”

“நீங்க நிக்கிறதுக்கு லெஃப்ட்டு.”

அவர் பையனைப் பார்த்தபடி நிற்கிறார். பையனின் இடம் அவருக்கு வலம். பையன் சொன்னது தப்பில்லை, அவர் கேட்டதும் தப்பில்லை. நூறடி ரோடு தெற்கு வடக்காக ஓடுகிறது, கே.கே. நகர் அதற்கு மேற்கே இருக்கிறது. வெயில் ஏறியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். மேகமூட்டமான காலை வேண்டும் என்று எழுத்தாளர் தீர்மானிப்பது இதற்காகத்தான், சோகச்சூழலுக்காக அல்ல.

அந்நியர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஊரின் ஒரு துண்டு தெரியும். டெலிவரிப் பையனுக்கு போனில் இருக்கும் ஊர் தெரியும். புது அடுக்குமாடியின் வாயிலில் நிற்கும் காவலாளி பீகாரிலிருந்து வந்தவர். தன் கேட்டுக்கு உள்ளே இருப்பதுதான் அவருக்குத் தெரியும், தமிழும் அரைகுறை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் துண்டுச்சீட்டில் ஒரே ஒரு கதவு எண் இருக்கிறது. சென்னை வீடுகளில் பாதிக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. அவர் எழுதி வைத்திருப்பது பழையதா புதியதா என்று காவலாளி சைகையில் கேட்கிறார். வீட்டுக்கு எப்படி இரண்டு நம்பர் இருக்கும் என்று பெரியவர் நம்ப மறுக்கிறார். அதே எண் தெருவின் இரு முனையிலும் இருந்தால் அவரை இரண்டு முறை நடக்க வைக்கலாம். தெரியாவிட்டாலும் கையை நீட்டி ஏதோ ஒரு பக்கம் காட்டுகிறவர் ஒருவரும் வேண்டும். நம் ஊரில் ‘தெரியாது’ என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள் ஏராளம்.

கடைசியாகக் கேட்க வேண்டியது இஸ்திரி வண்டிக்காரரிடம். ஒரு தெருவை முழுசாகத் தெரிந்து வைத்திருப்பவர் அவர்தான். பெரியவர் மகள் பெயரைச் சொல்கிறார். வண்டிக்காரருக்குப் பிடிபடவில்லை. மருமகன் பெயர், வேலை, ஊர் எதற்கும் தலையாட்டல்தான். பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தின் சீருடை நிறத்தைச் சொன்னதும், “அட, த்ரீ பி மேடமா! பழைய வீட்ட இடிச்சிட்டாங்களே, அந்தாண்ட ஃபிளாட்டுக்குப் போய்ட்டாங்க” என்கிறார். முதல் முறையாகத் தன் மகளை இந்த ஊர் எந்தப் பெயரில் அறியும் என்று பெரியவர் கேட்கிறார். இதுவரை வழி பற்றியே பேசிய கதை, ஒரு வார்த்தை கூட்டாமல் அப்பா மகள் கதையாகிவிடுகிறது.

முடிவுதான் பலரும் சறுக்கும் இடம். அவர் இன்னொருவருக்கு வழி சொல்வதாக முடிப்பது தேய்ந்த உத்தி. கதவு திறந்து மகள் அழுவது அதைவிட மோசம். நானாக இருந்தால் லிஃப்ட் வரை கொண்டுபோக மாட்டேன். “நீங்க அவங்களுக்கு யாரு?” என்று வண்டிக்காரர் கேட்கட்டும், அதே நேரம் போனும் அடிக்கட்டும். எதற்கு முதலில் பதில் சொல்வது என்ற அந்தத் தடுமாற்றத்தில் நிறுத்திவிடுவேன். கிளாம்பாக்கத்திலிருந்து இதுவரை பத்துப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் அவரோடு வாசகரும் களைத்துப்போவார்.