மானியத்தின் உச்சவரம்பும் மலிவான மின் ஸ்கூட்டரும்

மின் ஸ்கூட்டர்களுள் எது மலிவானது என்பதை ஆலையின் உற்பத்திச் செலவைவிட மானிய விதியின் அமைப்பே பல வேளைகளில் தீர்மானித்துள்ளது என்பதற்கு, ஆந்திரத்தின் சத்தியவேட்டில் உள்ள ஹீரோ ஆலையின் 'விடா' ஸ்கூட்டர்களே நல்ல சான்றாகும்.

மத்திய அரசின் மானியம் பேட்டரியின் கொள்ளளவைப் பொறுத்தது. அதாவது, ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் தேங்கும் என்பதே அதன் அளவுகோல். ஃபேம்-2 திட்டத்தில் 2021 ஜூன் முதல் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வீதம், வண்டியின் ஆலை விலையில் 40 விழுக்காட்டுக்கு மிகாமல் மானியம் வழங்கப்பட்டதால், பெரிய பேட்டரி வாங்கியவருக்கே பெரும் பங்கு கிடைத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் வீதம் 5,000 ரூபாயாகவும், ஒரு வண்டிக்கான உச்சவரம்பு 10,000 ரூபாயாகவும் இருந்தன. 2025 ஏப்ரல் முதல் இவ்விரண்டும் பாதியாகின.

2024 டிசம்பரில் 2.2 யூனிட் கொண்ட விடா வி2 லைட் 96,000 ரூபாய்க்கும், 3.94 யூனிட் கொண்ட வி2 புரோ 1,35,000 ரூபாய்க்கும் அறிமுகமாயின. பழைய வீதத்தில் லைட்டுக்கு 33,000 ரூபாயும் புரோவுக்கு 59,100 ரூபாயும் கணக்கில் வந்திருக்கும். 40 விழுக்காட்டு வரம்பு புரோவின் பங்கைச் சற்றுக் குறைத்திருந்தாலும், பெரிய பேட்டரிக்கான கூடுதல் விலையில் கணிசமான பகுதியை அரசே ஏற்றிருக்கும். அப்போதைய புதிய விதியிலோ இரண்டு வண்டிகளும் வரம்பைத் தொட்டுவிட்டதால் இரண்டுக்கும் அதே 10,000 ரூபாய்தான் கிடைத்தது. இடையிலான 39,000 ரூபாய் முழுவதும் வாங்குபவர் தலையில் விழுந்தது. சிறிய பேட்டரி வண்டிகள் விலைப் பட்டியலின் முன்வரிசைக்கு வந்ததில் இவ்விதிக்குப் பெரும் பங்குண்டு என்றே கருத வேண்டும்.

மாநிலத்தின் ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தவணையில் செலுத்தப்படும் சாலை வரி, இதற்கு நேரெதிராக இயங்குகிறது. அது விலையின் விழுக்காடாக விதிக்கப்படுவதால், 2018ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் ஆந்திரம் அறிவித்தது போன்ற விலக்கு விலை உயர்ந்த வண்டிக்கே அதிகம் உதவும். 12 விழுக்காடு என்று கொண்டால் லைட்டுக்கு 11,520 ரூபாயும் புரோவுக்கு 16,200 ரூபாயும் மிச்சமாகும். விலை வேறுபாட்டில் 4,680 ரூபாய் மட்டுமே இதனால் குறைகிறது என்றாலும், மிச்சமாகும் தொகை இரண்டிலும் மத்திய மானியத்தைவிடப் பெரிது. எனவே பதிவு நாளில் விலக்கு நடைமுறையில் இருக்கிறதா என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது, மானியத்தை விசாரிப்பதைக் காட்டிலும் பயனுள்ளது.

பெட்ரோல் வண்டியோடு ஒப்பிடும்போது கணக்கு வேறு. மின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடாகவே நீடிக்க, 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வாகனக் கடன் வட்டிக்கு 1,50,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவளித்த 80இஇபி பிரிவோ, 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே உரியது என்பதால், இன்று புதிதாகக் கடன் பெறுபவர் அதை மனத்தில் வைத்து மாடலைத் தேர்ந்தெடுக்க இயலாது.