204-ஆம் அறை எப்போது தயார்?

கும்பகோணத்தில் நவக்கிரகக் கோயில் யாத்திரை வருபவர்கள் தங்கும் 18 அறை விடுதி ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். ரூம் பாய் மூன்று பேர், அவர்களைக் கவனிக்க ஒரு சூப்பர்வைசர் அம்மா. ரிசப்ஷன் சுவரில் ஒரு கிளிப் அட்டையில் அன்றைய சரிபார்ப்புத் தாள் தொங்குகிறது. மாலையில் அதை எடுத்துப் பார்த்தால் 18 வரியிலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக். ஓரத்தில் 18 கையெழுத்து. ஒரே மூச்சில், உட்கார்ந்த இடத்தில் போட்டவை என்று பார்த்தவுடனே தெரியும். விருந்தினரின் புகார் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் பிறக்கிறது.

தாளைத் திருத்துவதற்கு முன், சுத்தம் செய்யும் வரிசையைத் திருத்த வேண்டும். 204-இல் தங்கிய குடும்பம் 11:20-க்குக் காலி செய்கிறது. ரூம் பாய் கதவைத் தட்டி, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போகிறார். ஜன்னலைத் திறக்கிறார், கீசரைப் போடுகிறார், அலமாரியிலும் தலையணைக்கு அடியிலும் யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்கிறார். படுக்கை விரிப்புகளை உருவி, குப்பையை எடுத்த பிறகு கழிப்பறைக் கோப்பையில் கிளீனரை ஊற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அது ஊறி வேலை செய்யப் பத்து நிமிடமாவது வேண்டும். ஊற்றிய கையோடு தேய்த்துக் கழுவினால் மணம் மட்டும் வரும், கறை போகாது. அந்த இடைவெளியில் படுக்கையைப் போட்டுவிடலாம்.

தூசு தட்டுவது மேலிருந்து கீழே. குளியலறையில் முதலில் கண்ணாடி, வாஷ்பேசின், பிறகு குளிக்கும் இடம், கடைசியில் கழிப்பறை. துணிகள் நிறத்தால் பிரிந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குச் சிவப்பு என்றால் அந்தச் சிவப்புத் துணி வேறு எங்கும் படக்கூடாது. தண்ணீர் குடிக்கும் தம்ளரை அறையிலேயே கழுவித் துடைக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். கையில் இருக்கும் துண்டால் துடைத்துவிடும் ஆசை அங்கேதான் வருகிறது. பழைய தம்ளர் சமையலறைக்குப் போகட்டும், கழுவிய தம்ளர் தட்டில் வரட்டும். தரையைத் துடைப்பது உள்மூலையில் தொடங்கி வாசலில் முடிய வேண்டும். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் முடிந்தது என்று தாளில் இருந்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் பொருள் வைக்கும் அறையின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: கழிப்பறைக்கு ஊற்றும் அமிலக் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் குனிந்து தேய்க்கிறவரின் நுரையீரலை அது நேரடியாகத் தாக்கும். "இரண்டையும் போட்டால் இன்னும் நன்றாக வெளுக்கும்" என்று பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லித்தருவது பல இடங்களில் நடக்கிறது.

12:15-க்கு ரூம் பாய் வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். சூப்பர்வைசர் உடனே உள்ளே போகக்கூடாது. ஜன்னலையும் மூடி ஐந்து நிமிடம் விட்ட பிறகு போனால்தான் அறையின் உண்மையான வாசனை தெரியும். இன்று அந்த அம்மா கதவைத் திறந்ததும் ஒரு சாக்கடை நெடி முகத்தில் அடிக்கிறது. பிறகு வாசலிலிருந்து வலப்பக்கமாகச் சுவரோடு ஒரு சுற்று. இப்படிச் சுற்றினால் எந்த மூலையும் விட்டுப் போகாது. சுவிட்சுகள், ரிமோட், ஏசி. டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார். நேராக அடித்தால் தெரியாத தூசு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். மெத்தையின் ஓரத் தையலை விரித்துக் கருப்புப் புள்ளிகள் உண்டா என்று தேடுகிறார். மூட்டைப்பூச்சியின் தடயம் கிடைத்தால் அந்த அறையைச் சுத்தம் செய்து தீர்க்க முடியாது. அறையை மூடிவிட்டு இரு பக்கத்து அறைகளையும், மேலும் கீழும் உள்ள அறைகளையும் பார்க்க வேண்டும். கடைசியாகக் கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்க்கிறார். விருந்தினர் வந்ததும் செய்வது அதைத்தான். மின்விசிறி இறக்கையின் அழுக்கு அங்கிருந்துதான் கண்ணில் படும்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறார். கீசர் போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. 15 லிட்டர் கீசர் இருபது நிமிடத்துக்குள் நன்றாகச் சூடாகிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் உள்ளே இருக்கும் ஹீட்டரில் உப்புப் படிந்து இப்படி ஆவதுண்டு. விடியற்காலை நடை திறப்புக்குக் கிளம்புகிறவர் ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீரோடு நிற்கப்போகிறார்.

"தம்பி, 204 இன்னும் ஆகல. எலெக்ட்ரீஷியனக் கூப்பிடு. கொடுத்துடாதே."

"அக்கா, ஒரு பார்ட்டி கீழ உக்காந்திருக்காங்க."

"207 குடு. அது பாத்தாச்சு."

இந்த மூன்று வரிப் பேச்சு நடக்க வேண்டுமென்றால் தாளின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். டிக் போடும் கட்டங்கள் மட்டும் இருந்தால் கை தானாக ஓடிவிடும். சில கட்டங்களில் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று வைப்பது நல்லது. சுத்தம் தொடங்கிய நேரம், முடித்த நேரம், முடித்தவர் பெயர். கதவைத் திறந்ததும் வந்த வாசனை, ஒரு சொல்லில். வெந்நீர் வர எத்தனை நிமிடம். கண்ட குறை, அதைச் சரிசெய்தவர், மறுபடி பார்த்த நேரம். இவற்றுக்குப் பிறகே கையெழுத்து, அதன் பக்கத்திலேயே மணி. குறை எழுதப்பட்டு மறுபார்வை நேரம் காலியாக இருந்தால் கையெழுத்துக் கட்டமும் காலியாகத்தான் இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத அறையின் சாவியை ரிசப்ஷன் கொடுக்கக்கூடாது. சுத்தம் செய்தவரே கையெழுத்துப் போடவும் கூடாது. ஆள் குறைந்த நாளில் சூப்பர்வைசரே அறையைப் பெருக்கினால், பார்ப்பது வேறொருவராக இருக்கட்டும்.

204-இன் சாக்கடை நெடிக்குக் காரணம் பழைய தாள்களில் கிடைத்தது. அந்த மாதத்தில் மூன்று முறை அதே குறை, மூன்றும் அறை நாலைந்து நாள் காலியாகக் கிடந்த பிறகு. குளியலறைத் தரை வடிகாலின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. யாரும் குளிக்காத அறையில் அது வற்றிவிடும். எவ்வளவு பினாயில் ஊற்றித் தேய்த்தாலும் அறை மறுபடி காலியாகக் கிடந்தால் நெடி திரும்பும். ஆளில்லாத அறைகளிலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, குழாய்களைக் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். நாளன்றைக்குத் தாளைக் கிழித்துப் போடும் விடுதிக்கு இந்தக் காரணம் கடைசிவரை தெரிய வராது.

கையெழுத்து உண்மையா என்று சோதிக்கச் சில முதலாளிகள் கட்டிலுக்கு அடியில் வேண்டுமென்றே ஒரு காகிதத்தைப் போட்டுவைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது நம்பிக்கையைக் கெடுக்கும், அந்தக் காகிதத்தை மட்டும் தேடவும் பழக்கும். தினம் ஏதாவது ஓர் அறையை, கையெழுத்தான அரை மணிக்குள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரோடு சேர்ந்து பார்த்தால் போதும். ஒரு வாரம் முழுக்க எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால் அன்றே இரண்டு அறைகளைப் பார்க்கலாம்.

24 மணி நேரச் செக்அவுட் உள்ள விடுதிகளில் இரவு இரண்டு மணிக்கும் அறை காலியாகும், மூன்று மணிக்கு அடுத்த வேன் வந்து நிற்கும். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் இருக்கமாட்டார். இரவு ரிசப்ஷனில் இருப்பவருக்கு இதே சுற்றைச் சொல்லிக்கொடுத்து, அவர் பெயரையும் மணியையும் தாளில் எழுத வைக்க வேண்டும். காலையில் வரும் சூப்பர்வைசர், அந்த விருந்தினர் கிளம்பியதும் முதல் வேலையாக அந்த அறையைப் பார்க்கட்டும்.