கணினிக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு

அலுவலகக் கணினியில் பெயரையும் பாஸ்வேர்டையும் சரியாகத்தான் அடித்திருப்பார்கள். ஆனாலும் உள்ளே விடாமல் திரையில் இந்த வரி வந்து நிற்கும்:

```
The trust relationship between this workstation and the primary domain failed.
```

பார்த்தவருக்குத் தன் பாஸ்வேர்டில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். இரண்டு முறை, மூன்று முறை அடித்துப் பார்ப்பார். அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு பக்கத்து மேசைக் கணினியில் உட்கார்ந்தால் தடையில்லாமல் உள்ளே போய்விடுவார். ஆளின்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் முழுக்க அந்தப் பெட்டியின்மேல்தான்.

நூறு, இருநூறு கணினிகள் உள்ள அலுவலகங்களில் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகப் பயனர் கணக்கு வைப்பதில்லை. எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் ஏற்பாட்டை டொமைன் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் உலகில் அந்தப் பதிவேட்டின் பெயர் ஆக்டிவ் டைரக்டரி; அதை வைத்திருக்கும் சர்வர், டொமைன் கன்ட்ரோலர். ஊழியர்களுக்கு அதில் கணக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கணினிகளுக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. கணினியின் பெயருக்குப் பின்னால் ஒரு டாலர் குறி சேர்ந்தால் அதுதான் கணக்கின் பெயர். `ACCT-07` என்ற கணினிக்கு `ACCT-07$`.

கணக்கு என்றால் பாஸ்வேர்டும் உண்டு. அதை எந்த மனிதரும் வைப்பதில்லை, பார்ப்பதுமில்லை. கணினியே 120 எழுத்து நீளத்தில் தாறுமாறாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. ஒரு பிரதி தன்னிடம், இன்னொன்று டொமைனிடம். ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இதைக் காட்டித்தான் அது டொமைன் கன்ட்ரோலரோடு பாதுகாப்பான இணைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொள்கிறது. ஊழியர் அடிக்கும் பாஸ்வேர்டு சரியா என்று கேட்பதற்கு அந்த இணைப்பு வேண்டும். இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு இல்லை. திரையில் மேலே கண்ட வரி.

இந்தப் பாஸ்வேர்டு 30 நாளுக்கு ஒருமுறை மாறும். பழைய விண்டோஸ் என்.டி. காலத்தில் 7 நாள். விண்டோஸ் 2000 வந்தபோது 30 ஆக்கினார்கள். மாற்றுவது டொமைன் அல்ல, கணினிதான். இங்கேதான் பரவலான ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: நீண்ட விடுப்பில் மூடிக் கிடந்த மடிக்கணினியின் பாஸ்வேர்டு காலாவதியாகி உறவு முறிந்துவிடும் என்பது. அப்படி எதுவும் நடப்பதில்லை. டொமைன் தன் பக்கம் எதையும் காலாவதியாக்குவதில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் கணினி தன்னிடமுள்ள பாஸ்வேர்டைக் காட்டி உள்ளே நுழைந்து, பிறகு புதியதாக ஒன்றை மாற்றிக்கொள்ளும். அதோடு, நடப்புப் பாஸ்வேர்டுடன் அதற்கு முந்தையதையும் அது பத்திரமாக வைத்திருக்கிறது. மாற்றும் நேரத்தில் நெட்வொர்க் அறுந்தாலும் பழையதைக் கொண்டு சமாளிக்கும். ஆக, பெட்டி நெடுநாள் அணைந்து கிடந்தது என்று மட்டும் சொன்னால் நல்ல நிர்வாகி அதோடு திருப்தியடைய மாட்டார். அந்த இடைவெளியில் வேறு யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். ஒருவேளை அந்தக் கணக்கைப் பயனில்லாதது என்று நினைத்து நீக்கியிருக்கலாம்.

ஒரு நிலைமையை எடுத்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் கையேடுகளில் எடுத்துக்காட்டுக்காகவே வைத்திருக்கும் கற்பனை நிறுவனம் காண்டோசோ. அதன் கணக்குப் பிரிவில் `ACCT-07` ஒரு மெய்நிகர் கணினி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 5 அன்று புதிய மென்பொருள் ஒன்றை நிறுவுமுன் முன்னெச்சரிக்கையாக அதன் ஸ்னாப்ஷாட் எடுத்தார்கள். ஏப்ரல் 6 அன்று அந்த மென்பொருள் தகராறு செய்ய, கணினியை ஜனவரி நிலைக்கே திருப்பினார்கள். (மூன்று மாத ஸ்னாப்ஷாட்டை வைத்திருந்ததே தப்பு, அது வேறு கதை.) மென்பொருள் தகராறு தீர்ந்தது. உள்ளே நுழையத்தான் முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க, நன்றாக இயங்கும் வேறொரு நிர்வாகக் கணினியில் ஒரு வரி போதும்:

```
Get-ADComputer ACCT-07 -Properties PasswordLastSet
```

விடையில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கணக்கு இருக்கிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா என்பது ஒன்று. பாஸ்வேர்டு கடைசியாக எப்போது மாறியது என்பது மற்றொன்று. இங்கே மார்ச் 24 என்று வருகிறது. ஜனவரி 5-க்கும் மார்ச் 24-க்கும் இடையில் பாஸ்வேர்டு இரண்டு முறையாவது மாறியிருக்கும். திருப்பப்பட்ட கணினிக்கு அதில் ஒன்றும் தெரியாது. அது ஜனவரியிலேயே நிற்கிறது. கணினியின் சிஸ்டம் பதிவேட்டில் 3210 என்ற எண்ணோடும், டொமைன் கன்ட்ரோலரில் 5722 என்ற எண்ணோடும் பதிவாகியிருக்கும் நிகழ்வுகள் இதை உறுதிசெய்யும். டொமைன் கன்ட்ரோலரில் 5723 வந்திருந்தால் கதை வேறு: அந்தப் பெயரில் கணக்கே இல்லை.

பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இடத்தில் கை தானாகப் போவது ஒரே வைத்தியத்துக்கு: டொமைனிலிருந்து கணினியை விலக்கு, ரீஸ்டார்ட் செய், மறுபடி சேர், மறுபடி ரீஸ்டார்ட் செய். வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, வேறொருவர் உருவாக்கிய கணினிக் கணக்கை எல்லோரும் மறுபடி பயன்படுத்திவிட முடியாது. 0xaac என்ற பிழையோடு விண்டோஸ் மறுத்துவிடும். மறுத்ததும் என்ன செய்கிறார்கள்? பழைய கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாகச் சேர்க்கிறார்கள். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

பெயர் அதேதான்; ஆனால் டொமைனின் கண்ணுக்கு அது வேறு கணினி. உள்ளே உள்ள அடையாள எண் புதியது. பழைய கணக்கு எந்தெந்தக் குழுக்களில் இருந்ததோ அவற்றில் புதியது இல்லை. பிரிவு வாரியாக வகுத்த இடத்தில் இல்லாமல் பொதுப் பெட்டியில் போய் விழுவதால், அந்தப் பிரிவுக்கான கொள்கைகளும் அதற்கு வருவதில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது பிட்லாக்கர் சாவி. வட்டைப் பூட்டி, மீட்புச் சாவியை ஆக்டிவ் டைரக்டரியில் வைக்கும் அலுவலகங்களில் அந்தச் சாவி கணினிக் கணக்குக்குக் கீழேதான் தொங்குகிறது. கணக்கு போனால் சாவியும் போகும். அது போனது, என்றோ ஒரு நாள் மடிக்கணினி மீட்புச் சாவியைக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு பொறி, நிர்வாகக் கருவியில் கணினியின் பெயரை வலது சொடுக்கினால் வரும் `Reset Account`. பெயரைப் பார்த்தால் இதுதான் மருந்து என்று தோன்றும். அது டொமைன் பக்கத்துப் பிரதியை மட்டும் மாற்றுகிறது; கணினிக்கு ஒன்றும் சொல்வதில்லை. மறுபடி சேர்ப்பதற்கு முந்தைய படியாக வைக்கப்பட்ட வசதி அது. நன்றாக ஓடும் கணினியில் அதை அழுத்தினால், இல்லாத நோயைக் கொண்டுவந்து விடலாம்.

முறையான பழுதுபார்ப்பு கணினியில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. கணக்கைத் தொடாமல், புதிய பாஸ்வேர்டு ஒன்றை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுத வைப்பதுதான் அது. அதற்கு முதலில் உள்ளே நுழைய வேண்டும். டொமைன் கணக்கு விடாது என்பதால் அந்தக் கணினிக்கே உரிய உள்ளூர் நிர்வாகிக் கணக்கு வேண்டும். அதன் பாஸ்வேர்டை லேப்ஸ் என்ற வசதி அவ்வப்போது மாற்றி ஆக்டிவ் டைரக்டரியில் எழுதி வைக்கும். ஆனால் `ACCT-07` விஷயத்தில் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். டைரக்டரியில் இருப்பது மார்ச் மாதத்து லேப்ஸ் பாஸ்வேர்டு. கணினி நினைவில் இருப்பது ஜனவரியுடையது. பிழை ஒன்றுதான், இரண்டு இடத்தில் கடிக்கிறது.

அப்போது நெட்வொர்க்கைத் துண்டிப்பதே வழி. கேபிளைப் பிடுங்கினால், மெய்நிகர் கணினியானால் அதன் நெட்வொர்க் இணைப்பை அணைத்தால், விண்டோஸுக்கு டொமைனைக் கேட்க வழியில்லை. கடைசியாக நுழைந்தவர்களின் விவரத்தைக் கொண்டு தானே முடிவெடுக்கும். வழக்கமான அமைப்பில் 10 பேர் வரை நினைவு வைத்திருக்கும். அதில் நிர்வாக உரிமை உள்ள ஒருவர் இருந்தால் அவர் நுழையலாம். ஸ்னாப்ஷாட் எடுத்த நாளில் இருந்த பாஸ்வேர்டைத்தான் அடிக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. நுழைந்ததும் நெட்வொர்க்கை மறுபடி இணைத்து, நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறக்க வேண்டும். விண்டோஸோடு கூடவே வரும் பழைய 5.1 பதிப்பு, புதிய 7-இல் இந்தக் கட்டளை கிடையாது.

```
Test-ComputerSecureChannel -Verbose
```

`False` என்று வந்தால் நோய் உறுதி. கணினியின் கடிகாரத்தையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. டொமைனோடு 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் நுழைவுச் சிக்கல் அதனாலும் வரும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த கணினியில் அது அரிதல்ல. பிறகு மருந்து:

```
Test-ComputerSecureChannel -Repair -Credential CONTOSO\helpdesk1
```

இங்கே கொடுக்கும் டொமைன் கணக்குக்கு, அந்தக் கணினிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் உரிமை மட்டும் இருந்தால் போதும். டொமைன் முழுவதையும் ஆளும் நிர்வாகியின் பாஸ்வேர்டைப் பழுதான கணினி ஒவ்வொன்றிலும் அடித்துக்கொண்டு போவது கெட்ட பழக்கம். அந்தக் கணினியில் ஏதாவது தீய நிரல் ஒளிந்திருந்தால் முழு டொமைனும் அதன் கையில் போய்விடும். `True` என்று விடை வந்ததும் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சாதாரண ஊழியர் ஒருவரை நுழையச் சொல்லிப் பார்க்கலாம். அடையாள எண், குழுக்கள், பிட்லாக்கர் சாவி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரியான சில நாளிலேயே அதே கணினி மறுபடி விழுந்தால், பழுதுபார்ப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. அதே பெயரில் இன்னொரு கணினி எங்கோ டொமைனில் சேர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டுதான். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விழும், மற்றதைச் சரிசெய்தால் இது விழும். ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பழைய நிலைக்கே திரும்பும்படி உறையவைத்த ஆய்வகக் கணினிகளில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. கணினி ஒழுங்காகப் பாஸ்வேர்டை மாற்றி டொமைனுக்கும் சொல்லிவிடும். மறுநாள் ரீஸ்டார்ட்டில் தன் பிரதியை மட்டும் இழந்துவிடும். ஒரே நாளில் அமைத்த ஆய்வகமானால், மொத்தக் கணினிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் படுக்கும். உறையவைக்கும் மென்பொருளில் கணினிப் பாஸ்வேர்டை விட்டுவைக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதாந்திர மாற்றத்தை அந்தக் கணினிகளுக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம்.

கணக்கே நீக்கப்பட்டிருந்தால் பழுதுபார்க்கும் கட்டளைக்கு வேலையில்லை. பழுதுபார்க்க எதுவும் இல்லையே. அப்போதும் புதிதாகச் சேர்க்க அவசரப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் ஆக்டிவ் டைரக்டரிக்கும் ஒரு குப்பைத்தொட்டி உண்டு. முன்கூட்டியே அதை இயக்கி வைத்திருந்தால், நீக்கிய கணக்கை அதே அடையாள எண்ணோடும் குழுக்களோடும் `Restore-ADObject` கட்டளையால் மீட்கலாம். முதலில் கணினிக் கணக்கு, அதன்பின் அதற்குக் கீழே இருந்த பிட்லாக்கர் சாவிகள் என்ற வரிசையில் மீட்க வேண்டும். மீட்டதும் கணினியில் அதே சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், பல சமயம் பழுதுபார்க்காமலேயே `True` என்று வந்துவிடும்.