குழந்தைகளை நோக்கிய விளம்பரமும் இருதரப்பு வாதமும்: ‘ஆரோக்கிய பானம்’ சிக்கலை முன்வைத்து

2024 ஏப்ரலில் மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படியொரு பிரிவை வரையறுக்கவில்லை என்பதே காரணம். குழந்தைகளை நோக்கிய விளம்பரத்திற்குத் தடை கோரும் விவாதக் கட்டுரைக்கு இந்நிகழ்வு சான்றாகுமா என்பது ஆராயத்தக்கது.

தடை கோருவோரின் வலுவான வாதம் உளவியல் சார்ந்தது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளம்பரத்தின் உள்நோக்கத்தை அறியும் திறனற்றோர் என அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழு 2004இல் கூறியது. அவ்வாறெனில் உண்மை விளம்பரமும் அறப்பிழையே. எதிர்த்தரப்பினரோ 1995ஆம் ஆண்டின் டாடா பிரஸ் வழக்கைச் சுட்டுவர். அதில் உச்ச நீதிமன்றம் வணிக விளம்பரத்தையும் பேச்சுரிமைக்குள் அடக்கியது. ஏமாற்று விளம்பரத்திற்கு மட்டும் அக்காப்பு இல்லை.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து அடுக்கினால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் தடுமாறுமிடம் இதுவே. ‘ஆரோக்கியம்’ என்னும் சொல்லால் ஏமாறுபவர் யார் எனக் கேட்டால் இரண்டும் மோதும். ஏமாறுபவர் பொருளை வாங்கும் பெற்றோர். அடம்பிடிக்கும் குழந்தை அன்று. ஆகவே 2024 அறிவுறுத்தல், பொய்யைத் தடுத்தலே போதும் என்னும் எதிர்த்தரப்புக்கே துணைநிற்கிறது.

தடை கோருவோர் நாடவேண்டியது 2022ஆம் ஆண்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டு நெறிகளை. நொறுக்குத்தீனி விளம்பரம் மெய்யாயினும், குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிடையே அதற்கு இடமில்லை என்கின்றன அவை. ஆனால் நம் வீடுகளில் குழந்தைகள் பெரியோருடன் அமர்ந்து இரவுத் தொடர்களையும் பார்க்கின்றனர். அந்நேரத்திற்கு இவ்விதி எட்டாது.