கேரமல் கஸ்டர்டில் ஓட்டை விழுதா, தண்ணி விடுதா? காரணம் தீதான்!

ஆசையா கேரமல் கஸ்டர்ட் செய்து, தட்டில் கவிழ்த்துப் பார்த்தால் ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் மாதிரி பொத்தல். ஸ்பூனால் வெட்டினால் தண்ணி கசியும். 'பால் சரியில்லை, முட்டை சரியில்லை' என்று பழி போடுவோம். பெரும்பாலும் காரணம் சூடுதான்.

முட்டையில் இருக்கும் புரதம் சூடு பட்டதும் வலை மாதிரி பின்னிக்கொண்டு, பாலில் உள்ள தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கஸ்டர்ட் கட்டியாவது இப்படித்தான். இதற்கு ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் போதும். 85-ஐத் தாண்டினால் வலை இறுகும். ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வெளியே வந்துவிடும். கலவையில் இருக்கும் காற்றும் நீராவியும் குமிழியாகி அப்படியே உறைந்துபோனால், அதுதான் ஓட்டை.

தட்டில் பழுப்பு நிறத்தில் வழிவது கரைந்த கேரமல். அது இருக்க வேண்டியதுதான். வெட்டிய இடத்தில் வெளிறிய தண்ணி ஊறினால்தான் அதிகமா வெந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆவியின் சூடோ 100 டிகிரி. அதனால் இட்லிப் பானையில் வைக்கும்போது அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டும்.

கால் லிட்டர் பால், 2 முட்டை, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையைக் கரைத்து, முட்டையை நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். மிக்ஸி வேண்டாம், நுரையும் ஓட்டையாகிவிடும். வடிகட்டி, கேரமல் ஊற்றிய 4 சின்னக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். பெரிய பாத்திரம் என்றால் நடு வேகும் முன்பே ஓரம் முற்றிவிடும்.

ஆவித் தண்ணி சொட்டாமல் இருக்க, கிண்ணங்களை ஃபாயிலால் மூடுங்கள். பானையில் தண்ணீர் கொதித்ததும் தீயை 'சிம்'மில் வைத்து, கிண்ணங்களை இறக்குங்கள். மூடியின் ஓரத்தில் ஒரு ஸ்பூனைச் செருகினால், அந்த இடைவெளி வழியா அதிக ஆவி வெளியேறிவிடும். தண்ணீர் தளதளன்னு கொதிக்கும் சத்தம் கேட்டால் தீ அதிகம்.

ஓவனில் என்றால் 160 டிகிரி. ட்ரேயில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கிண்ணங்களை வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றுங்கள். ஓவன் எவ்வளவு சூடானாலும் அந்தத் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அதற்கும் கீழேயே நிற்கும். கிண்ணத்துக்கு அதுதான் கவசம்.

இட்லிப் பானையில் 15-வது நிமிடமும், ஓவனில் 30-வது நிமிடமும் கிண்ணத்தை லேசா ஆட்டிப் பாருங்கள். ஓரம் கட்டியாகி, நடுப்பகுதி மட்டும் ஜெல்லி மாதிரி ஆடினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்ளே இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். 'நடுவும் கெட்டியாகட்டும்' என்று காத்திருக்கும் அந்த 5 நிமிடத்தில்தான் பலருக்கும் ஓட்டை விழுகிறது.

ஆறியதும் 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கவிழ்த்தால், வழுவழுன்னு இறங்கும்.