பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அவர்கள் வீட்டில் இன்றும் பரமபதம் விரிக்கிறார்கள். சில ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, சில ஆட்டம் விடியும் வரை இழுக்கிறது. "சராசரியாக எத்தனை முறை உருட்டினால் பரமபதம் கிட்டும் என்று கணக்குப் போட முடியுமா?" என்று கேட்கிறார்.

முடியும். பரமபதத்தில் அடுத்து எங்கே போகலாம் என்பதைக் காய் இப்போது நிற்கும் கட்டமும் அடுத்த உருட்டும் மட்டுமே தீர்மானிக்கின்றன. ஏணியில் ஏறி வந்தீர்களா, பாம்பு கடித்து வந்தீர்களா என்பது கணக்கில் சேராது. இப்படிப் பழசை மறந்துவிடும் நகர்வுகளை ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரே மார்க்கோவ் 1906-இல் ஆராயத் தொடங்கினார். அதனால் இதற்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். பழமான காய் திரும்ப ஆட்டத்துக்குள் வருவதில்லை. அப்படி வெளியேற வழியில்லாத நிலை இருந்து, எங்கிருந்தும் அதைச் சென்றடைய முடிந்தால் அதை உறிஞ்சும் சங்கிலி என்பார்கள்.

நம் வீடுகளில் உருட்டுவது இரண்டு தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: 1, 2, 3, வெறுமை. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். 1, அதாவது தாயம், விழ 2 வழி. 2-க்கு 3 வழி, 3-க்கு 4 வழி, 4-க்கு 3 வழி, 5-க்கு 2 வழி, 6-க்கு ஒரு வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதற்கும் ஒரு வழிதான்.

எதிர்பார்க்கப்படும் உருட்டுகளைத் தொடக்கத்திலிருந்து எண்ணப் போனால் சிக்கிக்கொள்வோம். முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். காய் பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். சரியான எண் விழுந்தால்தான் பழம், கூடுதலாக விழுந்தால் காய் நகராது என்பது விதி. அப்படியானால் தாயம் ஒன்றுதான் வழி. 16-இல் 2 வாய்ப்பு என்பதால் சராசரியாக 8 உருட்டு காத்திருக்க வேண்டும்.

இரண்டு கட்டம் முன்னால் நின்றால்? 2 விழுந்தால் பழம். 1 விழுந்தால் ஒரு கட்டம் முன்னேறி, அங்கே சராசரி 8 உருட்டு. மற்ற எது விழுந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்போம். எதிர்பார்ப்பை ப என்று வைத்தால்: ப = 1 + (2/16) × 8 + (11/16) × ப. தீர்த்தால் ப = 6.4 உருட்டு. இதே முறையில் மூன்று கட்டம் முன்னால் நிற்பவருக்கு 5.87 வரும்.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நெருங்க நெருங்கக் காத்திருப்பு கூடுகிறது. மூன்று கட்டம் தள்ளி நிற்பவர், ஒரு கட்டம் தள்ளி நிற்பவருக்கு முன்னால் கரையேறுவார் என்று எதிர்பார்க்கலாம். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சத்திரம் வரை போக எத்தனையோ பஸ் இருக்கிறது. சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கத்துக்குக் காத்திருப்பவருக்கோ அங்கே போகும் பஸ் வந்தால்தான் உண்டு. கடைசிக் கட்டமும் அப்படித்தான்: தூரம் குறைந்துவிட்டது, ஆனால் உதவும் எண்களும் குறைந்துவிட்டன. நான்கு கட்டம் தள்ளி நின்றால் எதிர்பார்ப்பு மறுபடி 6.58 ஆக ஏறுகிறது. ஆக, நிற்பதற்கு நல்ல இடம் மூன்றாவது கட்டம்தான்.

இப்போது ஒரு பாம்பைச் சேர்ப்போம். அதன் தலை பழத்துக்கு இரண்டு கட்டம் முன்னால், வால் நான்கு கட்டம் முன்னால். இனி பின்னோக்கி ஒரே மூச்சில் வர முடியாது. நான்காம் கட்டத்தின் விடைக்கு மூன்றாம் கட்டத்தின் விடை வேண்டும், மூன்றாம் கட்டத்துக்கோ பாம்பின் வழியாக நான்காம் கட்டத்தின் விடை வேண்டும். எனவே இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். மூன்றாம் கட்டத்தின் எதிர்பார்ப்பு இ, நான்காம் கட்டத்தினுடையது ஈ என்றால், 9இ = 40 + 2ஈ, 9ஈ = 48 + 2இ. விடை 5.92, 6.65. பாம்பு இல்லாதபோது 5.87, 6.58. இந்தக் குட்டிப் பாம்பால் பத்தில் ஓர் உருட்டுகூடக் கூடவில்லை. ஒரு பாம்பு எவ்வளவு கொடியது என்பதை அதன் வாயில் விழும் வாய்ப்பும், தலைக்கும் வாலுக்கும் இடையே எதிர்பார்ப்பில் உள்ள வித்தியாசமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

முழுப் படத்துக்கும் இதே வேலைதான், சமன்பாடுகள்தான் கட்டத்துக்கு ஒன்றாகப் பெருகும். பழம் தவிர்த்த கட்டங்களுக்கிடையே நகரும் வாய்ப்புகளை Q என்ற அணியில் எழுதி (I − Q)⁻¹ கண்டுபிடித்து, தொடக்கக் கட்டத்துக்குரிய நிரையைக் கூட்டினால் விடை வந்துவிடும். பரமபதப் படங்களில் கட்ட எண்ணிக்கையும் பாம்புகளின் இடமும் படத்துக்குப் படம் மாறுவதால் ஒரே விடை சொல்ல முடியாது. அமெரிக்காவில் விற்கும் 100 கட்டப் பாம்பும் ஏணியும் ஆட்டத்துக்கு இப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள்: ஒருவர் முடிக்கச் சராசரி 39.2 நகர்வு. ஆனால் நல்ல நேரம் இருந்தால் அதை 7 நகர்விலேயே முடிக்கலாம்.

சராசரியை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. தாயத்துக்குக் காத்திருக்கும் சராசரி 8 என்றாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 6 உருட்டுக்குள் விழுந்துவிடும். நூற்றில் ஏழு பேருக்கோ 20 உருட்டு ஆகியும் விழாது. அந்தச் சிலரின் நீண்ட காத்திருப்புதான் சராசரியை மேலே இழுக்கிறது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியுள்ள வீடுகளில் இந்த 8 தொடக்கத்திலும் ஒருமுறை வரும். வாசகி வீட்டு இரவுகள் விடியும் வரை இழுப்பதில் இந்த இரு முனைகளுக்கும் பங்கு உண்டு. 1, 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டு தரும் வீடுகளில் 8 உருட்டு என்பது 6 முறையாகக் குறையும்.

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் நிலைமாறும் நிகழ்தகவு அணி பாடமாக இருக்கிறது. கணக்குகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களின் சந்தைப் பங்கு பற்றியவை. பிள்ளைகள் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டி வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கும் பரமபதப் படத்தை வகுப்பில் விரித்தால், கடைசிப் பத்துக் கட்டங்களுக்கு அவர்களே சமன்பாடு எழுதுவார்கள். அந்தப் படம் பரணில் பூச்சி அரித்துக் கொண்டிருப்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கட்டையையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். நான்கு முகமும் சமமாக விழும் என்று வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். பழைய பித்தளைக் கட்டை தேய்ந்து ஒருபக்கமாகச் சாயலாம். 160 உருட்டுகளைக் குறித்துக்கொண்டால் தாயம் 20 முறை அளவில் விழ வேண்டும். 12-க்குக் கீழே போனாலோ 28-க்கு மேலே போனாலோ கட்டையைச் சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும்விட ஆட்டத்தின் நீளத்தை மாற்றுவது வீட்டு விதிதான். கூடுதலாக விழுந்தாலும் பழம் என்று ஒப்புக்கொண்டால், ஒரு கட்டம் முன்னால் நிற்பவரின் 8 உருட்டு 1 ஆகிவிடும், மூன்று கட்டம் முன்னால் நிற்பவரின் 5.87 உருட்டு 1.33 ஆகிவிடும். ஆகவே படத்தை விரிக்கும்போதே, முதல் காய் இறங்கும் முன்பே, கடைசிக் கட்ட விதி என்ன என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.